வெல்டுக்குப் பக்கத்தில் ஏன் அரிக்கிறது? 304, 304 எல்: கேள்வி பதில்

கேள்வி: நைட்ரிக் அமிலத் தொட்டி, 6 மி.மீ. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. வெல்டு நன்றாக இருக்கிறது. அதிலிருந்து சில மி.மீ. தள்ளி இருபுறமும் கோடு போட்ட மாதிரி அரித்திருக்கிறது. வெல்டர் சரியில்லையா?

பதில்: வெல்டரைவிட, தகட்டைத் தேர்ந்தெடுத்தவரைக் கேளுங்கள். வெல்டைத் தொட்டபடி இருக்கும் உலோகம் கடுமையாகச் சூடாகிச் சட்டென்று ஆறிவிடும். சற்றுத் தள்ளியிருக்கும் பட்டைதான் 450 முதல் 850 டிகிரிக்குள் அதிக நேரம் தங்குகிறது. அங்கே கார்பன் படிக மணிகளின் எல்லைக்கு வந்து, குரோமியத்தைப் பிடித்து Cr₂₃C₆ ஆகப் படிகிறது. அமிலம் அந்த எல்லை வழியாகவே இறங்கும். முற்றிய இடத்தைச் சுரண்டினால் சர்க்கரை மாதிரி மணிமணியாக உதிரும்.

கேள்வி: 18 சதவீதம் குரோமியம் இருக்க, 0.06 சதவீதக் கார்பன் என்ன செய்துவிடும்? கணக்கு இடிக்கிறதே.

பதில்: மொத்தக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. இந்தக் கார்பைடில் 1 பங்கு கார்பனுக்கு எடையில் சுமார் 16.6 பங்கு குரோமியம். கார்பன் முழுவதும் பிடித்தாலும் போவது 1 சதவீதம்தான், மீதி 17. ஆனால் அந்த 1 சதவீதம் எங்கிருந்து போகிறது என்பதில்தான் சிக்கல். கார்பன் தூரத்திலிருந்தும் வந்து சேரும். குரோமியத்தால் அந்த வேகத்தில் நகர முடியாது. அதனால் எல்லையை ஒட்டிய மெல்லிய பகுதி மட்டும் குரோமியத்தை இழக்கிறது. அங்கே அளவு 12 சதவீதத்துக்குக் கீழே போனால் பாதுகாப்புப் படலம் நிற்காது.

கேள்வி: அப்போ 304 எல்லில் குரோமியம் கூடுதல், அதனால்தான் விலையும் கூடுதலா?

பதில்: குரோமியம் ஏறக்குறைய அதேதான். கார்பன் உச்சவரம்புதான் 0.08லிருந்து 0.03 ஆகிறது. 0.08 கார்பன் உள்ள தகடு 650, 700 டிகிரியில் சில நிமிடங்களில் கெடும், 0.03க்கு மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் வெல்டு ஆறிவிடுகிறது. ஆக, 'எல்' இதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. 500 டிகிரியில் வருடக்கணக்கில் ஓடும் குழாயில் அதை நம்ப வேண்டாம். வெல்டிங் கம்பியும் 308 எல் ஆக இருக்கட்டும். விளிம்பில் கிரீஸைத் துடைக்காமல் வெல்டு வைத்தால் கார்பனை நீங்களே ஊட்டுகிறீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் வெல்டு ஓரம் பழுப்பு. 1 மி.மீ. தகடு. 'எல்' வாங்காததாலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மெல்லிய தகடு சீக்கிரம் ஆறிவிடும். வெல்டிங்கின்போது ஏறிய ஆக்சைடு நிறத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டிருப்பார்கள். பிக்ளிங் பேஸ்ட் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரால் விழும் குழி என்றால் அது வேறு நோய், 'எல்' தடுக்காது.

கேள்வி: (முதலில் கேட்டவர்) அரித்த பட்டையை வெட்டிவிட்டு 304 எல் துண்டு வைக்கலாமா?

பதில்: துண்டு தப்பிக்கும், அது சேரும் பழைய தகட்டின் ஓரம் மறுபடி அதே வெப்பத்தில் தங்கும். 1050 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் ஆற்றினால் கார்பைடு கரையும், ஆனால் கட்டி முடித்த தொட்டி கோணிவிடும். ஒட்டுப் போட்டே தீர வேண்டுமென்றால் சூட்டைக் குறைத்து, ஒவ்வொரு பாஸுக்கும் முன் 150 டிகிரிக்குக் கீழே ஆறவிடுங்கள். எவ்வளவு நாள் தாங்கும் என்பது அந்தத் தகட்டின் உண்மையான கார்பன் அளவைப் பொறுத்தது. ஆலைச் சான்றிதழில் 0.04 என்றால் துணியலாம், 0.07 என்றால் நான் புதுத் தொட்டிதான் கேட்பேன்.

இன்னொரு உறுப்பினர்: 0.04லேயே 6 மி.மீ. தகடு போய்விடும், நான் துணிய மாட்டேன். வெட்டிய துண்டை மெருகேற்றி 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில், சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியர் வீதம் ஒன்றரை நிமிடம் மின்னரிப்பு செய்து பாருங்கள். நுண்ணோக்கியில் ஒரு மணியையாவது பள்ளம் முழுதாகச் சுற்றியிருந்தால் சந்தேகம் உறுதி.

பதில்: உறுதி என்று சொல்ல மாட்டேன். பள்ளம் இல்லாவிட்டால் தகடு தேறியது. இருந்தால் கொதிக்கும் அமிலச் சோதனை வரை போய்த்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.