பாதி மிட்டாய் என்றால் பரவாயில்லையா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. சளி பிடித்துத் தொண்டை வலித்தால், பெரியவர்கள் சப்புகிற இருமல் மிட்டாயைப் பாதியாக உடைத்து அவனுக்குக் கொடுக்கிறார் என் மாமியார். "பாதிதானே, கரைந்துவிடும்" என்கிறார். கொடுக்கலாமா? எந்த வயதிலிருந்து கொடுக்கலாம்?

பதில்: வேண்டாம். உடைப்பதால் மருந்தின் அளவுதான் பாதியாகிறது, ஆபத்து குறைவதில்லை. மூன்று வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய அவனுடைய சுண்டுவிரல் பருமன்தான். முழு மிட்டாய் தொண்டையின் மேற்பகுதியிலேயே அடைத்துக்கொள்ளலாம். உடைத்த துண்டோ, சப்பிச் சப்பிச் சிறுத்துப்போன மிட்டாயோ இன்னும் கீழே இறங்கி மூச்சுக்குழாய்க்குள்ளேயே போய்விடும். எச்சில் பட்டதும் அது வழுவழுப்பாகிவிடுவதால், அவன் சிரித்தாலோ, தும்மினாலோ, ஓடினாலோ ஒரு நொடியில் நழுவிவிடும். கரையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். மூச்சு அடைத்த குழந்தைக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

கடைவாய்ப் பற்கள் இரண்டரை வயதுவாக்கில் முளைத்துவிடுகின்றன. ஆனால் கெட்டியான பொருளை வாயிலேயே நிறுத்தி, அரைத்து, பத்திரமாக விழுங்கும் பழக்கம் கைகூட நான்கு வயதாவது ஆகும். அதனால் நான்கு வயதுக்குள் கெட்டி மிட்டாய் எதுவுமே வேண்டாம், மருந்து மிட்டாயும் அதில் சேர்த்திதான். அதற்கு மேலும், ஆறு வயதுவரை தள்ளிப்போடுவதே என் யோசனை. ஆறு வயதானாலும் உட்கார்ந்துதான் சப்ப வேண்டும், வாயில் வைத்துக்கொண்டு படுக்கக்கூடாது.

அப்புறம் அட்டையைப் படியுங்கள். அதில் போட்டிருக்கும் வயது பெரும்பாலும் மருந்துக்கான வரம்பு. ஃப்ளர்பிபுரோஃபென் கலந்த மிட்டாய் 12 வயதுக்கு மேல்தான். மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது கெடுத்துவிடலாம். மூலிகை மிட்டாய் சிலவற்றில் வயதே போட்டிருக்காது. அது மாமியாருக்குத் தைரியம் தரும், ஆனால் தொண்டையில் அடைப்பதற்கு மூலிகையும் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான்.

அவனுக்கு வெதுவெதுப்பான நீரோ சூப்போ கொடுங்கள். ஒரு வயது தாண்டிவிட்டதால் அரை டீஸ்பூன் தேனும் தரலாம். வலி அதிகமானால், எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் சிரப்.

ஏற்கெனவே ஒன்று சிக்கிவிட்டால்? பலமாக இருமுகிறான், அழுகிறான் என்றால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால், முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வரவில்லையா? பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள், கூடவே யாரையாவது ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். நினைவிழந்துவிட்டால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

புரையேறி எல்லாம் சரியானது போலிருந்து, அடுத்த நாட்களில் விடாத இருமலோ மூச்சில் விசில் சத்தமோ கேட்டால், "அன்று மிட்டாய் சிக்கியது" என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை மிட்டாய் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகமே வரும்.