3450-இல் ஒரு சின்னப் பள்ளம்

வணக்கம் ஐயா. C4H8O2 என்ற வாய்பாடும் ஒரு அகச்சிவப்பு நிறமாலைப் படமும் தந்து, சேர்மம் எது என்று கேட்டிருந்தார்கள். 1740 பக்கம் ஆழமான உச்சி, 3450 பக்கம் இன்னொன்று. C=O, O–H இரண்டும் இருப்பதால் 3-ஹைட்ராக்சி பியூட்டனோன் என்று எழுதினேன். விடை எத்தில் அசிட்டேட்டாம். O–H எங்கே போனது?

அன்புள்ள நண்பருக்கு,

வாய்பாட்டைப் பொறுத்தவரை உங்கள் விடையில் பிழையே இல்லை. இரண்டும் C4H8O2 தான். அட்டவணையில் எண்ணைத் தேடினாலும் 3450 என்றால் O–H என்றுதான் இருக்கும். ஆனால் அட்டவணை இடத்தை மட்டுமே சொல்கிறது. உச்சியின் ஆழமும் அகலமும் படத்தில்தான் இருக்கின்றன.

3000-க்குச் சற்றுக் கீழே உள்ள C–H உச்சியை அளவுகோலாக வையுங்கள். ஹைட்ரஜன் பிணைப்புள்ள O–H அதற்கு இணையாகவோ கூடுதலாகவோ ஆழமாக இறங்கும். இருநூறு, முந்நூறு செ.மீ⁻¹ அகலத்துக்குப் பரந்தும் கிடக்கும். எத்தில் அசிட்டேட்டின் 3450 பள்ளமோ அடிக்கோட்டில் ஒரு கீறல் போல, C–H பக்கத்தில் நிற்கக்கூட முடியாத அளவு சிறியது. அது C=O-வின் மேல்சுரம். 1743-ஐ இரட்டித்தால் 3486. பிணைப்பு முழுச்சீரான சுருள்வில் அல்ல என்பதால் மேல்சுரம் சரியாக இருமடங்கில் விழாது, சற்றுக் குறைந்து 3460 அருகே விழும். வலுவான கார்பனைல் உச்சி உள்ள எல்லாப் படத்திலும் இந்த இடத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஈரமான மாதிரியும் இதே இடத்தில் ஏமாற்றும். அப்போது 3400 பக்கம் அகன்ற மேடு வரும், கூடவே 1640 அருகே நீரின் வளைவு அதிர்வும் தெரியும். அந்த இணை இருந்தால் நீரைச் சந்தேகியுங்கள்.

இனி 1740. சாதாரண கீட்டோன் 1715 அருகே வரும். இருபத்தைந்து அலகு வித்தியாசம் படத்தில் மயிரிழைதான், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். (பல அச்சுப் படங்களில் 2000-க்கு இடப்புறம் அளவுகோல் நெருக்கமாக இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்தால் இரு பகுதிகளையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.) எஸ்டரை உறுதிசெய்வது 1240-இல் உள்ள C–O உச்சி. கார்பனைலுக்கு ஏறக்குறைய சமமான ஆழத்தில், நல்ல அகலத்தோடு இருக்கும். 1050 அருகே இன்னொரு C–O உச்சியும் உண்டு. நீங்கள் படத்தின் வலப்பாதியைப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கைரேகைப் பகுதி என்று பயமுறுத்தி வைத்திருப்பதால் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மெத்தில் புரோப்பனோயேட்டும் இதே வாய்பாடுள்ள எஸ்டர்தானே என்று கேட்கலாம். அசிட்டேட்டுகளின் C–O 1240-இல் வரும், புரோப்பனோயேட்டுகளில் அது 1200-க்குக் கீழே இறங்கிவிடும். விடைத்தாளுக்கு அது போதும். ஆய்வகத்தில் முடிவாகச் சொல்ல, உண்மையான எத்தில் அசிட்டேட்டின் படத்தை மேலே வைத்து ஒப்பிட வேண்டும், அல்லது புரோட்டான் என்.எம்.ஆர். எடுக்க வேண்டும்.