12.8 நிமிடம் யாருடைய நேரம்?

ஐயா,

வினாவைப் படம்பிடித்து அனுப்பியுள்ளேன். புவியிலிருந்து 12 ஒளிநிமிடத் தூரத்தில், புவி சார்பாக ஓய்விலுள்ள நிலையத்துக்கு ஒரு விண்கலம் 0.6c கதியில் செல்கிறது. கலத்தின் மணிக்கூடு காட்டும் பயண நேரத்தைக் கேட்கிறார்கள். இந்தக் கதிக்குரிய காரணி 1.25 ஆல் வகுத்துத் தூரத்தை 9.6 ஆகச் சுருக்கியபோது 16 நிமிடம் வந்தது. நேர விரிவுக்காக மீண்டும் 1.25 ஆல் வகுத்து 12.8 என எழுதினேன். விடை 16 என்கிறார்கள். நேர விரிவை ஏன் விட வேண்டும்?

முதலாம் வருட மாணவன், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பிக்கு,

நேர விரிவை யாரும் விட்டுவிடவில்லை. அது 16க்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. படத்தில் உங்கள் பெருவிரல் பாதி மறைத்திருக்கும் கடைசி வரி, 12 ஒளிநிமிடம் புவியின் சட்டகத்தில் அளந்த தூரம் என்கிறது. அதை 9.6 ஆக்கிய உடனேயே நீங்கள் கலத்தின் சட்டகத்துக்குள் வந்துவிட்டீர்கள். அங்கே 0.6 ஆல் வகுத்தால் வருவது கலத்தின் நேரமே. புவியின் சட்டகத்திலேயே நின்றிருந்தால் 12ஐ 0.6 ஆல் வகுத்து 20 நிமிடம் பெற்று, அதை 1.25 ஆல் வகுத்து அதே 16ஐ அடைந்திருப்பீர்கள். இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

சூத்திரத்தைத் தொடுமுன் நிகழ்வுகளை எழுதிக்கொள்வது நல்லது: கலம் புவியைக் கடப்பது ஒன்று, நிலையத்தைக் கடப்பது மற்றொன்று. மட்டக்களப்பில் பஸ் ஏறிக் கல்முனையில் இறங்குபவரின் கைக்கடிகாரம் இரண்டு இடத்திலும் அவருடனேயே இருப்பதுபோல, கலத்தின் ஒரே மணிக்கூடு இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரில் சாட்சி. புவியின் 20 நிமிடமோ, ஒத்திசைத்து வைத்த இரண்டு மணிக்கூடுகளின் வாசிப்புகளுக்கு இடையிலான வித்தியாசம். 1.25 ஆல் வகுக்கும் உரிமை இந்த 20க்கு மட்டுமே உண்டு. பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழியும் இருக்கிறது: ஒரே சட்டகத்தின் தூரத்தை அதே சட்டகத்தின் நேரத்தால் வகுத்தால் 0.6 வர வேண்டும். 9.6ஐ 12.8 ஆல் வகுத்தால் 0.75 வருகிறது, ஆகவே இரண்டும் ஒரே பயணத்தின் தூரமும் நேரமும் அல்ல.

ஆனாலும் 12.8ஐ அழித்துவிட வேண்டாம், அது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. கலத்தில் இருப்பவருக்குப் புவியும் நிலையமும்தான் ஓடுகின்றன. ஆகவே அவருடைய 16 நிமிடத்தில் அவற்றின் மணிக்கூடுகள் 12.8 நிமிடமே முன்னேறுகின்றன. அப்படியானால் கலம் சேரும்போது நிலையத்தின் மணிக்கூடு 20ஐக் காட்டுவது எப்படி? கலமும் அந்த மணிக்கூடும் ஒரே இடத்தில் இருக்கையில் எடுக்கும் வாசிப்பு அது என்பதால் அதை எவரும் மறுக்க முடியாது. புவியார் ஒத்திசைத்த இரண்டு மணிக்கூடுகளும் கலத்தின் சட்டகத்தில் ஒத்திசைந்தவை அல்ல என்பதே இதற்கு விடை. கலம் புவியைக் கடக்கும் கணத்தில், கலத்தின் கணக்கின்படி, நிலையத்தின் மணிக்கூடு ஏற்கெனவே vL/c² அளவு, அதாவது 0.6 × 12 = 7.2 நிமிடம் முன்னே நிற்கிறது. அந்த 7.2உடன் உங்கள் 12.8ஐக் கூட்டிப் பாருங்கள்: சரியாக 20.