ஒரு அலகு, ஒரு தாள்: சூத்திரங்களைச் சுருக்கும் முறை

“உயர்தரப் பௌதிகவியலில் பிசுக்குமை, பரப்பிழுவிசைப் பகுதிக்குச் சூத்திரத்தாள் எழுதினால் நான்கு பக்கம் வருகிறது. அதைப் பார்த்துக் கணக்குச் செய்தாலும் பிழைக்கிறது. ஒரே பக்கத்தில் எப்படி எழுதுவது?” - மாணவி, வெள்ளவத்தை

முதலில் நிறுவல்களை எல்லாம் வெட்டுங்கள். நான்கு பக்கத்தில் பெரும்பகுதி அவைதான். புத்தகத்தின் வரிசையையும் விட்டுவிடுங்கள். கணக்கில் என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பிரித்தால் இந்தப் பகுதி நான்கு பெட்டிக்குள் அடங்கும்: குழாய்க்குள் பாய்ச்சல், திரவத்தில் விழும் கோளம், துளியும் குமிழியும், மயிர்த்துளை ஏற்றம்.

A4 தாளைக் கிடையாக வைத்து ஒவ்வொரு வரியிலும் சூத்திரம், குறியீடுகளின் பொருளும் அலகும், நிபந்தனை என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நிபந்தனையைத் தாளின் அடியில் குறிப்பாகப் போட்டால் அவசரத்தில் கண் அங்கே போகாது.

துளி, குமிழிப் பெட்டியைப் பாருங்கள்:

ΔP = 2T/r : திரவத் துளி, திரவத்துக்குள் வளிக்குமிழி (ஒரு மேற்பரப்பு)
ΔP = 4T/r : வளியில் சவர்க்காரக் குமிழி (உள்ளும் புறமும் இரண்டு மேற்பரப்பு)
T : N m⁻¹, r : ஆரை, m, ΔP : உள் அமுக்கம் − வெளி அமுக்கம், Pa

T = 0.025 N m⁻¹, விட்டம் 2 cm உள்ள சவர்க்காரக் குமிழி என்று வைப்போம். r = 0.01 m, ஆகவே ΔP = 4 × 0.025 / 0.01 = 10 Pa. முதல் வரியைப் பிரயோகித்திருந்தால் 5 Pa வரும். அலகு அப்போதும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் 2, 4 இரண்டுக்கும் பரிமாணம் இல்லை. பரிமாணச் சரிபார்ப்பு இந்தப் பிழையைக் காட்டித்தராது. “இரண்டு மேற்பரப்பு” என்ற நிபந்தனைதான் காட்டித்தரும். “ஆரை” என்ற சொல்லையும் விடக்கூடாது. வினாவில் பெரும்பாலும் விட்டம்தான் தருவார்கள்.

குழாய்ப் பாய்ச்சலில் அதே கவனயீனத்தின் விலை மிக அதிகம். Q = πΔPr⁴/8ηl இல் ஆரைக்குப் பதிலாக விட்டத்தைப் போட்டால் விடை 16 மடங்காகும். அந்த வரியில் “ஒடுங்கிய, சீரான, கிடைக் குழாய், உறுதியான அருவிக்கோட்டுப் பாய்ச்சல், ΔP இரு முனைகளுக்கும் இடையிலான அமுக்க வித்தியாசம்” என்று எழுதுங்கள். η இன் அலகு Pa s.

விழும் கோளத்துக்கு F = 6πηrv ஐ எழுதி, முடிவு வேகச் சூத்திரத்தை அதன் கீழே சற்று உள்தள்ளி எழுதுங்கள். மேலுள்ளதன் நிபந்தனைகள் (சிறிய, வழுவழுப்பான கோளம், குறைந்த வேகம், பரந்த திரவம்) கீழுள்ளதற்கும் பொருந்தும் என்பது அதிலேயே தெரியும், திரும்ப எழுத இடமும் வீணாகாது.

பிறகு தாளை மட்டும் வைத்துக்கொண்டு கடந்தகால வினாக்கள் சிலவற்றைச் செய்யுங்கள். புத்தகத்தைத் திறக்க நேர்ந்தால், தேடியது சூத்திரமா, அலகா, நிபந்தனையா என்று பார்த்து அந்த வரியிலேயே சேருங்கள். ஒருதடவையும் தேவைப்படாத வரியை அடுத்த பிரதியில் விட்டுவிடலாம்.