விற்காத தோலுக்கு நஷ்டம் எங்கிருந்து வந்தது?

"ஆம்பூரில் எங்களுக்கு ஒரு சின்ன டேனரி. ஆர்டர் கேன்சலான கடுகு மஞ்சள் லெதர் ஸ்டாக்கில் கிடக்கிறது. அதைக் குறைத்து எழுது என்கிறார் ஆடிட்டர். இன்னும் விற்கவே இல்லை, நஷ்டம் எப்படி வந்தது? கறுப்பு லெதர் விலை ஏறியிருக்கிறது, அதை மட்டும் ஏற்றி எழுதக் கூடாதாம். இது என்ன நியாயம்?"

இந்தப் பக்கம் டேனரிகளுக்குக் கணக்கு எழுதியே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் இதே சண்டையைப் பார்த்திருக்கிறேன். முதலாளி கோபப்படுவதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் இதில் ஆடிட்டர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. முக்கியமாக ஒரு இடத்தில் ஆடிட்டரோ அவருடைய ஆட்களோ உங்களுக்கு அநியாயம் செய்துவிட வாய்ப்பு உண்டு. அது வெட் ப்ளூ, அதாவது குரோமில் பதனிட்டு இன்னும் சாயம் ஏற்றாத ஈரத் தோல். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் மஞ்சள் லாட். உங்கள் எண்கள் எனக்குத் தெரியாது, அதனால் நானே ஒரு கணக்கை வைத்துக்கொள்கிறேன். 8,000 சதுர அடி, அடிக்கு அடக்கம் 115 ரூபாய். அதாவது புத்தகத்தில் 9,20,000. பச்சைத்தோல், கெமிக்கல், கூலி, கரண்ட் எல்லாம் சேர்ந்து இந்தப் பணம் ஏற்கெனவே உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. மார்ச் 31 அன்று புத்தகத்தில் எழுத வேண்டியது போன பணத்தை அல்ல, அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதைத்தான். அடக்கம் முழுக்கத் திரும்பி வருமென்றால் அடக்கத்தையே எழுதலாம். வராது என்றால் வரக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். ஆடிட்டர் வாயில் வரும் 'என்ஆர்வி', நிகரமாகத் தேறும் மதிப்பு, இதுதான்: வழக்கமான வியாபாரத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் விலையிலிருந்து, சரக்கை முடிக்க இன்னும் ஆகும் செலவையும் விற்பதற்கு ஆகும் செலவையும் கழித்தால் மிஞ்சுவது.

இந்த மஞ்சளுக்கு இரண்டு வழி உண்டு. பெரியமேட்டுத் தரகரிடம் ஜாப் லாட்டாகத் தள்ளினால் அடிக்கு 80 ரூபாய் என்று வைப்போம். கமிஷனும் லாரி வாடகையுமாக 3 ரூபாய் போனால் 77, மொத்தம் 6,16,000. இன்னொரு வழி, நம் ஊரில் எல்லோரும் செய்வது: மறுபடி டிரம்மில் போட்டுக் கறுப்பு அடித்துவிடுவது. அதற்கு அடிக்கு 14 ரூபாய் வீதம் 1,12,000 ஆகும். மறுபடி நனைத்துக் காய வைப்பதில் அளவும் கொஞ்சம் சுருங்கும், 8,000 அடி 7,800 ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். செலெக்ஷனும் ஒரு படி இறங்கும், முதல் தரக் கறுப்பின் விலை கிடைக்காது. 105 ரூபாய்க்குப் போனால் விற்பனைச் செலவு 3 போக 102. 7,800 அடிக்கு 7,95,600 வரும். அதில் சாயச் செலவு 1,12,000 கழித்தால் 6,83,600.

நீங்கள் உண்மையிலேயே கறுப்பு அடிக்கப் போகிறீர்கள் என்றால் தேறும் மதிப்பு 6,83,600. அடக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 2,36,400. குறைத்து எழுத வேண்டியது அவ்வளவுதான். 77 ரூபாய்க் கணக்கைப் பிடித்துக்கொண்டு 3,04,000 குறைக்கச் சொன்னால் நீங்கள் மறுக்கலாம், ஆனால் வாய்ப்பேச்சு எடுபடாது. சாயச் செலவுக்கு ஒரு எஸ்டிமேட், முன்பு இதே மாதிரி மாற்றி அடித்து விற்ற லாட்டின் பில், இரண்டையும் எடுத்து வையுங்கள்.

'விற்காமல் நஷ்டம் எப்படி' என்று கேட்டீர்கள். நஷ்டம் விற்கிற அன்றைக்கு வருவதில்லை. பையர் ஆர்டரை கேன்சல் செய்த அன்றே வந்துவிட்டது. விற்கிற அன்று அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இந்த வருஷம் 9,20,000 என்றே எழுதிவிட்டால், அடுத்த வருஷம் அந்த 2,36,400 தானாக அந்த வருஷத்து நஷ்டமாக வந்து உட்காரும். இரண்டு வருஷத்தையும் கூட்டினால் எல்லாம் ஒன்றுதானே என்பீர்கள். கூட்டினால் ஒன்றுதான். ஆனால் நடுவில் ஆள் மாறினால்?

எனக்குத் தெரிந்த ஒரு ஃபர்மில் மூன்று அண்ணன் தம்பிகள் பார்ட்னர்கள். மூத்தவர் ஒரு மார்ச் 31 அன்று விலகினார். அன்றைய பேலன்ஸ் ஷீட்டை வைத்து அவர் பங்கு பணமாகக் கொடுக்கப்பட்டது. ஸ்டாக் முழுக்க அடக்க விலையில் எழுதியிருந்தது, அதில் சீசன் முடிந்துபோன லேடீஸ் ஷூ கலர்கள் ஒரு குடோன் நிறைய இருந்தன. அடுத்த தீபாவளிக்குள் அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். நஷ்டம் முழுக்கத் தம்பிகள் இருவர் தலையில். அண்ணன் ஏமாற்றவில்லை, புத்தகம்தான் ஏமாற்றியது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் அவர்கள் எதிரெதிர் வரிசையில்தான் உட்காருவார்கள். பேங்க் விஷயமும் இதே மாதிரிதான். கேஷ் கிரெடிட்டில் டிராயிங் பவர், அதாவது எவ்வளவு கடன் எடுக்கலாம் என்பது, ஸ்டாக் ஸ்டேட்மெண்டை வைத்துத்தான் போடப்படுகிறது. தேறாத மதிப்பைக் காட்டி வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் தேறும்.

சரி, கறுப்பு. 12,000 அடி, அடக்கம் 110, இன்றைய விலை 135 என்று வைப்போம். விற்பனைச் செலவு போனாலும் அடிக்கு 22 ரூபாய் லாபம், மொத்தம் 2,64,000. 'மஞ்சளில் போனதைவிட இது அதிகம், கூட்டிக் கழித்தால் நஷ்டமே இல்லையே' என்று தோன்றும். அப்படிக் கூட்ட விடுவதில்லை. ஒப்பீடு ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது. ஒரே வகையான, பிரித்துப் பார்க்க முடியாத சரக்குகளை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம். ஏற்றி எழுத விடாததற்குக் காரணம், 135 என்பது இன்றைக்குத் தரகர் வாயில் இருக்கும் விலை. வாங்குகிறவர் இன்னும் வரவில்லை, செலெக்ஷனில் எவ்வளவு தள்ளுவார் என்று தெரியாது. சரக்கு கைமாறும்போதுதான் அது உங்கள் லாபம். நஷ்டத்துக்கு மட்டும் ஏன் காத்திருக்கக் கூடாது என்றால், லாபத்தை ஒரு வருஷம் தாமதமாகக் காட்டினால் யார் பணமும் வெளியே போகாது. நஷ்டத்தைத் தாமதமாகக் காட்டினால், இல்லாத லாபம் பங்கு பிரிக்கப்பட்டுவிடும். ஒருதலைப்பட்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். வேண்டுமென்றே வைத்த ஒருதலைப்பட்சம்.

இப்போது வெட் ப்ளூ. 20,000 அடி, 62 ரூபாய்க்கு வாங்கியது. மார்ச் கடைசியில் சந்தையில் 54. ஸ்டாக் எடுக்க வந்த பையன் உடனே அடிக்கு 8 ரூபாய் குறைத்து 1,60,000 நஷ்டம் எழுதி வைப்பான். இது தவறு. வெட் ப்ளூவை நீங்கள் வெட் ப்ளூவாக விற்கப் போவதில்லை. அது கறுப்பு லெதராகிப் போகப் போகிறது. அதனால் முடிந்த சரக்கைப் பார்க்க வேண்டும்: 62-உடன் கிரஸ்ட், ஃபினிஷிங் எல்லாம் சேர்ந்து இன்னும் 48 ரூபாய், ஆக 110. விற்றால் நிகரமாக 132. அடக்கம் முழுக்க மீள்கிறது, எனவே ஒரு பைசா குறைக்கத் தேவையில்லை. கணக்கியல் தரநிலை ஏஎஸ் 2 இதைத் தெளிவாகவே சொல்கிறது: முடிந்த சரக்கு அடக்கத்துக்கோ அதற்கு மேலோ விற்கும் என்றால் மூலப்பொருளைக் குறைக்க வேண்டாம்.

கறுப்பு லெதரே 104-க்கு இறங்கிவிட்டால் கதை வேறு. 104-இல் விற்பனைச் செலவு 3, மேற்கொண்டு ஆகும் 48 போனால் வெட் ப்ளூவுக்கு மிஞ்சுவது 53. அப்போது 62-ஐ வைத்திருக்க முடியாது. அந்த நிலையில் இப்போது வாங்கினால் ஆகும் விலையையே, அதாவது 54-ஐ, அளவுகோலாக எடுத்துக்கொள்ளவும் தரநிலை இடம் தருகிறது. வெட் ப்ளூவை அப்படியே விற்றுவிடும் வியாபாரியாக இருந்தால் முதலிலேயே 54-தான், அதிலும் விற்பனைச் செலவு போக. அதனால் லாட் எதற்காக வைத்திருக்கிறது என்பதை ஸ்டாக் ஷீட்டில் எழுதி வையுங்கள்.

விலைக்கு ஆதாரமாக ஆடிட்டர் ஏப்ரல், மே பில்களைக் கேட்பார். மே மாதம் மஞ்சள் 80-க்குப் போயிருந்தால், மார்ச்சிலேயே அதன் நிலை அதுதான் என்பதற்கு அந்த பில் சாட்சி. ஆனால் பிறகு நடந்த எல்லாமே மார்ச்சுக்குச் சாட்சி ஆகாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதும் நம் பக்கம் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. அதைக் காட்டி 2025 மார்ச் 31 ஸ்டாக்கைக் குறைக்க முடியாது. மார்ச்சில் அந்த நிலைமையே இல்லை. கேன்சல் மெயிலின் தேதி உங்களுக்கு முக்கியமாவதும் இதனால்தான்.

வருமான வரிக்கும் விதி இதேதான், வரிக் கணக்குக்கான தரநிலையான ஐசிடிஎஸ் 2-இல் அடக்கம், தேறும் மதிப்பு இரண்டில் குறைந்தது. ஒரு விதிவிலக்கு உண்டு. பார்ட்னர்ஷிப் ஃபர்ம் கலைந்தால், தொழில் தொடர்ந்தாலும் நின்றாலும், அன்றைய ஸ்டாக் முழுக்கத் தேறும் மதிப்பில்தான், அது அடக்கத்தைவிட அதிகமாக இருந்தாலும் சரி. நீங்கள் இரண்டே பார்ட்னர் என்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் போனாலே ஃபர்ம் கலைந்த கணக்கு.

அப்புறம், குறைத்து எழுதிவிட்டால் போனது போனதுதான் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மார்ச்சிலும் அந்த லாட் விற்காமல் கிடந்தால் மறுபடி ஒப்பிட வேண்டும், அதுவும் குறைத்த 6,83,600-ஐ 8,000 அடிக்கு வகுத்தால் வரும் 85.45-உடன் அல்ல, பழைய அடக்கம் 115-உடன். மஞ்சள் திரும்ப ஃபேஷனாகி நிகரமாக 100 தேறும் என்றால் 100 வரை ஏற்றலாம், 130 தேறினாலும் 115-இல் நிற்க வேண்டும். அதனால் இந்த வருஷத்து லாட் காஸ்டிங் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த ஏப்ரலில் ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.