காலையில் சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறதா?

“கம்பத்திலிருந்து மூணாறுக்கு மாறி வந்தோம். தினமும் காலையில் பெட்ரோல் காரின் சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறது, வெள்ளைப் புகை வேறு. என்ஜின் போச்சா?”

பயப்படாதீர்கள், அநேகமாக ஒன்றுமில்லை. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் எரியும்போது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! கம்பத்திலும் இதே அளவுதான் வந்தது, பெரும்பாலும் ஆவியாகவே போய்விட்டதால் கண்ணில் படவில்லை.

அந்தப் புகை சுமார் 50 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும். இரவெல்லாம் குளிரில் கிடந்த சைலன்சருக்குள் அதுதான் நடக்கிறது. வெளியே வரும் மீதி ஆவி குளிர்ந்த காற்றில் நுண்துளிகளாகி வெள்ளையாகத் தெரிகிறது. தேயிலைத் தொழிற்சாலைச் சிம்னியைக் காலையில் பாருங்கள். சில நாள் வாய்க்கு மேலே கொஞ்சம் தூரம் ஒன்றுமே தெரியாது, அப்புறம்தான் வெண்மேகம் தொடங்கும். அந்த இடைவெளியில் இருப்பது இன்னும் குளிராத ஆவி. (விறகின் ஈரமும் அதில் சேர்த்தி.)

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். சைலன்சர் சூடாகிச் சொட்டு நின்றிருக்கும், புகையும் மெலிந்து சட்டென்று கரையும். அப்போதும் அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடையோடு காற்றில் தொங்கினால், கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால், என்ஜினுக்குள் கூலன்ட் கசியாமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

தினமும் கடைத்தெரு வரை மட்டும் ஓட்டுகிறீர்களா? அப்படியென்றால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தேங்கிச் சைலன்சரைத் துருப்பிடிக்க வைக்கும்.