அடுப்படி துடைக்கிற கை தீசிஸைத் தொடாதது ஏன்?

“தனியார் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பகுதிநேர பிஎச்.டி. மகளிர் சுயஉதவிக் குழுக்களில் 320 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கி, கணக்கீடெல்லாம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. தீசிஸில் ஒரு அத்தியாயம்கூட எழுதவில்லை. லேப்டாப்பைத் திறந்தால் அடுப்படி மேடையைத் துடைக்கத் தோன்றுகிறது. துடைத்துவிட்டு வந்தால் பீரோவை அடுக்கத் தோன்றுகிறது. கைடு போன் செய்தால் எடுப்பதில்லை. நேரம் இல்லை என்று வீட்டில் சொல்கிறேன். ஆனால் கோடை விடுமுறை முழுக்க வீட்டில்தான் இருந்தேன், ஒரு வரி எழுதவில்லை. நான் அவ்வளவு சோம்பேறியா, டாக்டர்?”
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

அன்புத் தோழிக்கு,

சோம்பேறிக்கு அடுப்படி மேடையைத் துடைக்கத் தோன்றாது, படுக்கத்தான் தோன்றும். நீங்கள் ஊர் ஊராகப் போய் 320 பெண்களை உட்கார வைத்துப் பேசி, கேள்வித்தாள் நிரப்பி வாங்கியவர். உழைக்கத் தயங்காத ஒருவர் ஒரே ஒரு வேலையை மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறார் என்றால், அந்த வேலையைத் தொடும்போது உள்ளே என்ன எழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

லேப்டாப்பைத் திறக்கும் அந்த நொடிக்குப் போவோம். வெள்ளைப் பக்கம். மேலே ‘அத்தியாயம் 1 – முன்னுரை’ என்று மட்டும் இருக்கிறது. நெஞ்சில் ஒரு கனம் ஏறுகிறது. எழுதுவது தப்பாகிவிட்டால்? வைவாவில் மடக்கினால்? இரண்டு வருடமாக என்ன செய்தாய் என்று கைடு கேட்டால்? எழுந்து அடுப்படிக்குப் போகிறீர்கள். துணியை நனைத்துப் பிழிந்ததுமே அந்தக் கனம் இறங்கிவிடுகிறது. மேடை பளிச்சென்று ஆனதும் உருப்படியாக ஏதோ செய்த நிறைவும் சேர்ந்துகொள்கிறது. எழுந்து போனால் நிம்மதி கிடைக்கும் என்பதை மனம் ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக எழுப்பிவிடுகிறது.

வேலையைத் தள்ளிப்போடுவதை நேரத்தை நிர்வகிக்கத் தெரியாத குறை என்றுதான் வெகுகாலம் பேசிவந்தோம். பியூஷா சிரோய், டிமோதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013-ல் எழுதிய கட்டுரையில் இதை வேறு மாதிரி விளக்கினார்கள். அந்த நேரத்து மனக்கஷ்டத்தைச் சரிசெய்துகொள்ளத்தான் நாம் வேலையைத் தள்ளுகிறோம், விலையைப் பின்னால் கொடுக்கிறோம் என்றார்கள். உங்கள் கோடை விடுமுறையே இதற்குச் சாட்சி. நேரம்தான் பிரச்சினை என்றால் அப்போதே முடித்திருப்பீர்கள்.

2001-ல் டயான் டைஸும் அவரது சகாக்களும் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். மாணவர்களிடம் ஒரு கணக்குத் தேர்வு வரப்போகிறது, பயிற்சி செய்துகொள்ள நேரம் தருகிறோம் என்றார்கள். அறையில் பொழுதுபோக்கச் சில பொருட்களும் கிடந்தன. முன்கூட்டியே சிலரைச் சோகமான மனநிலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சோகமானவர்கள் பயிற்சியை விட்டுவிட்டு விளையாட்டுப் பக்கம் போனார்கள். அதில் ஆச்சரியமில்லை. ஆனால் இன்னொரு குழுவிடம் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, இதன் வாசனை உங்கள் மனநிலையைக் கொஞ்ச நேரத்துக்கு அப்படியே நிறுத்திவைக்கும் என்று சொன்னார்கள். அது வெறும் பேச்சுதான். அதை நம்பியவர்கள் அதே சோகத்தோடு உட்கார்ந்து பயிற்சி செய்தார்கள். எழுந்து போனாலும் மனம் தேறப்போவதில்லை என்றால், எழுந்து போக என்ன காரணம் இருக்கிறது?

உங்களுக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்று உண்டு. அந்தக் கனம் போன பிறகு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். அது இருக்கட்டும், அதோடே எழுதலாம். ஆனால் அதைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சிறிதாக்க வேண்டும்.

அதில் முதலில் குறைக்க வேண்டியது குற்ற உணர்ச்சியை. ஆரம்பத்தில் இருந்தது எழுதத் தெரியுமா என்ற பயம் மட்டும்தான். இப்போது இரண்டு வருட வெட்கமும் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தன்னைத் திட்டிக்கொண்டால் ரோஷம் வந்து எழுதிவிடுவோம் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. 2010-ல் கனடாவில் முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்திருந்தது. புத்தகத்தைப் பார்த்தாலே எழும் கசப்பு அவர்களுக்குக் குறைந்துவிட்டதே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

உங்கள் விஷயத்தில் அந்த வெட்கத்தின் பெரும்பகுதி கைடின் போன் எண்ணில் இருக்கிறது. அதனால் எழுத ஆரம்பித்த பிறகு அவரிடம் பேசலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: “சார், இவ்வளவு நாள் போனை எடுக்காததற்கு மன்னிக்கவும். டேட்டா அனாலிசிஸ் முடிந்துவிட்டது, எழுத ஆரம்பிக்கத் தடுமாறினேன். இரண்டு வாரத்தில் மூன்று டேபிளுக்கான விளக்கம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.” காரணங்களை அடுக்க வேண்டாம். முழு அத்தியாயம் தருவதாக வாக்குக் கொடுக்கவே வேண்டாம்.

அப்புறம், எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்வி. தீசிஸ் எழுத வேண்டும் என்பது செய்யக்கூடிய வேலையே இல்லை. எந்தக் கை அசைவில் அது தொடங்கும் என்று மனத்துக்குத் தெரியாது, அதனால் பயம் மட்டும் தெரிகிறது. முன்னுரையிலிருந்து தொடங்குவது இருப்பதிலேயே கடினமான வாசல், ஏனென்றால் மொத்த ஆய்வையும் தலையில் வைத்திருந்தால்தான் அதை எழுத முடியும். நீங்கள் நான்காம் அத்தியாயத்தில், தரவு விளக்கத்தில் நுழையுங்கள். அதிலும் முதல் டேபிளில்: பதிலளித்தவர்களின் வயது.

ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். 25 வயதுவரை 32 பேர், 26 முதல் 35 வரை 96 பேர், 36 முதல் 45 வரை 128 பேர், அதற்கு மேல் 64 பேர். இதைப் பார்த்து ஐந்து வாக்கியம். “பதிலளித்த 320 பேரில் 128 பேர், அதாவது 40 சதவீதம், 36 முதல் 45 வயதுக்குள் இருக்கிறார்கள்.” ஒன்று ஆயிற்று. “26 முதல் 45 வரை சேர்த்துப் பார்த்தால் 70 சதவீதம்.” இரண்டு. ஏன் இந்த வயதில் கூட்டம் அதிகம் என்று குழுக்களில் உட்கார்ந்து பேசிய உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்து, கூட்டத்துக்கு வர நேரம் கிடைத்த வயதோ என்னவோ. அது மூன்றாவது. ஆங்கிலம் தடுத்தால், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி தமிழில் எழுதிவிடுங்கள். மாற்றுவது பிறகு.

இதை எப்போது செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஜெர்மனியின் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டாட்டரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். விடுமுறை, வீடு நிறைய உறவினர் என்று தள்ளிப்போட எல்லா வசதியும் இருந்த நேரம் அது. எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். எழுதும் ஆசை இரு பக்கமும் இருந்தது. குறித்துக்கொண்டவர்களுக்கு அந்த நேரம் வந்தபோது மீண்டும் ஒரு முறை முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை.

‘இனி தினமும் எழுதுவேன்’ என்பது அப்படிப்பட்ட குறிப்பு ஆகாது. ‘திங்கள், புதன், வெள்ளி மாலை காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வயது டேபிள் இருக்கும் பைலைத் திறப்பேன்’ என்பது குறிப்பு. டம்ளர் கவிழும் சத்தம் உங்களுக்கு மணி அடித்த மாதிரி ஆகிவிட வேண்டும். அடுப்படி எப்படியும் கூப்பிடும், அதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்: மேடையைத் துடைக்கத் தோன்றினால், ‘மேடை’ என்று துண்டுத்தாளில் எழுதிவிட்டு இன்னும் ஒரு வாக்கியம் எழுதுவேன். அரை மணி நேரம் போதும். இரண்டு ஏற்பாட்டுக்கு மேல் வேண்டாம். பத்து ஏற்பாடு செய்தால் ஒன்றும் நினைவில் நிற்காது.

எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்தவர் இன்னும் நான்கு கட்டுரை படித்துவிட்டு எழுதலாம் என்று டவுன்லோட் செய்ய ஆரம்பிப்பார். எழுத்துருவை மாற்றுவார், மார்ஜினைச் சரிசெய்வார், கலர் பேனாவில் அட்டவணை போடுவார். இதுவும் அடுப்படி மேடைதான், தீசிஸின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அடையாளம் காண்பது எளிது. அரை மணி முடிவில் புதிதாக எத்தனை வாக்கியம் இருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று முறை தொடர்ந்து ஒன்றும் இல்லையென்றால் உங்களிடம் குறையில்லை, எடுத்த துண்டு இன்னும் பெரியது. ஐந்து வாக்கியத்தை இரண்டாக்குங்கள்.

எழுத்து நன்றாக ஓடும் நாளில் டேபிளை முடித்துவிட்டு எழாதீர்கள். நான்காவது வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுங்கள். பாதியில் நின்ற வேலைக்குத் திரும்பத் தூண்டும் இழுப்பு நம் எல்லோருக்கும் உண்டு. மரியா ஒவ்ஸியான்கினா 1928-லேயே இதைச் சோதித்துக் காட்டினார். மறுமுறை வெள்ளைப் பக்கமும் உங்களை வரவேற்காது.

எப்போது முடியும் என்று வீட்டில் கேட்பார்கள். முதல் நான்கு அமர்வு முடியும்வரை தேதி சொல்லாதீர்கள். 1994-ல் ரோஜர் பியூலரும் சகாக்களும் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். மனக்கணக்கு அப்படித்தான் ஏமாற்றும், கடைசியில் நம்மையே திட்டிக்கொள்ள வைக்கும். நான்கு அமர்வில் மூன்று டேபிள் முடிந்தது, மொத்தம் 40 டேபிள் என்றால், 54 அமர்வு. வாரம் மூன்று என்றால் 18 வாரம். அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தீசிஸ் மட்டுமல்லாமல், கரன்ட் பில், விடைத்தாள், மருந்து வாங்குவது என எல்லாமே தள்ளிப்போகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லையா? அல்லது பள்ளி நாளிலிருந்தே கவனம் சிதறி, எதையும் முடிக்க முடியாமல் இருந்திருக்கிறதா? ஆம் என்றால் மனச்சோர்வோ கவனக்குறைபாடோ இருக்கலாம். அதற்கு இந்த ஏற்பாடுகள் போதாது, மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, ஆனாலும் கடிதத்தில் எல்லாம் தெரிந்துவிடாது.

கைடுக்கான செய்தியை இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். வரும் திங்கள் மாலை, டம்ளரைக் கவிழ்த்ததும், வயது டேபிள்.